ஊழியருக்கு வட்டியில்லாக் கடனும் சம்பள முன்பணமும்: கணக்கெழுதுவதும் வரி பிடிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் இந்தியாவில் இயங்கும் தனியார் நிறுவனங்களின் கணக்குப் பிரிவினருக்காக எழுதப்பட்டவை. பிரிவு எண்களும் வரம்புகளும் 2025-26 நிதியாண்டுக்கும், அதற்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கும் உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டமும் அதற்கான விதிகளும் பொருந்துவதால், அதற்குப் பிந்தைய மாதங்களுக்குப் பிரிவு எண்ணையும் விலக்கு வரம்பையும் புதிய விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் ஊழியருக்குக் கொடுக்கும் பணம் எல்லாவற்றையும் 'ஸ்டாஃப் அட்வான்ஸ்' என்ற ஒரே லெட்ஜரில் போட்டுவிடுகிறோம். இதில் என்ன தவறு?

அந்த ஒரே லெட்ஜருக்குள் வரிச் சட்டம் வெவ்வேறாக நடத்தும் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. இன்னும் வேலை பார்க்காத மாதத்தின் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்தால் அது முன்கூட்டிய சம்பளம். 17(1) பிரிவின்படி அது சம்பளம் என்ற சொல்லுக்குள்ளேயே அடங்குகிறது. ஆகவே கைக்கு வந்த ஆண்டிலேயே முழுத் தொகைக்கும் வரி உண்டு. மாறாக, ஒரு தொகையைக் கடனாகக் கொடுத்து, சம்பளத்திலிருந்து தவணையாகப் பிடித்துக்கொள்வதென்று ஒப்புக்கொண்டிருந்தால், அந்த அசல் ஊழியரின் வருமானமே அல்ல. அவர் கட்டாமல் மிச்சப்படுத்திய வட்டிக்கு மட்டும், 17(2)(viii) பிரிவும் 3(7)(i) விதியும் சொல்லும் முறையில் ஒரு மதிப்புப் போட்டு அதற்கு வரி பிடிக்க வேண்டும். இதையே பெர்க்விசிட் அல்லது வரிக்குரிய சலுகை என்கிறோம்.

லெட்ஜரின் பெயர் இதை முடிவு செய்வதில்லை. ஊழியர் கொடுத்த விண்ணப்பமும் நிறுவனம் கொடுத்த ஒப்புதல் கடிதமுமே முடிவு செய்கின்றன. 'ஏப்ரல் மாதச் சம்பளத்தை முன்கூட்டியே தரவும்' என்று எழுதிய கடிதத்துக்கும், 'ரூ.1,05,000 கடனாகத் தந்து மாதத் தவணையில் பிடித்துக்கொள்ளவும்' என்று எழுதிய கடிதத்துக்கும் எவ்வளவு வரி வித்தியாசம் வரும் என்பதை அடுத்த பதிலில் காணலாம். டேலியில் `Loans & Advances (Asset)` குழுவின் கீழ் 'ஊழியர் கடன்', 'சம்பள முன்பணம்' என்று இரண்டு துணைக் குழுக்களை அமைத்து, ஒவ்வொரு ஊழியருக்கும் தனி லெட்ஜர் வைப்பதே போதுமான ஏற்பாடு. பயணச் செலவுக்குக் கொடுக்கும் தொகை இந்த இரண்டிலும் சேராது; அது நிறுவனத்தின் செலவுக்கான முன்பணம்.

மார்ச் மாதத்தில் அடுத்த மாதச் சம்பளத்தைக் கேட்டார், கொடுத்துவிட்டோம். ஏப்ரலில் கழித்துக்கொள்வோம். இதற்கும் வரியா?

ஆம். ஒரே நிதியாண்டுக்குள் கொடுத்துப் பிடித்தால் ஆண்டு மொத்தம் மாறாது, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. மார்ச்சில் கொடுத்தால்தான் ஆண்டு எல்லை குறுக்கே வருகிறது.

மாதம் ரூ.1,05,000 சம்பளம் வாங்கும், புதிய வரிமுறையில் உள்ள ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். வேறு வருமானம் இல்லை. ஆண்டுச் சம்பளம் ரூ.12,60,000. நிலையான கழிவு ரூ.75,000 போக வரிக்குரிய வருமானம் ரூ.11,85,000. ரூ.12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடி கிடைத்து அவருக்கு வரி ஏதும் இல்லை. இவருக்கு 2026 மார்ச்சில் ஏப்ரல் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், வரிக்குரிய வருமானம் ரூ.12,90,000 ஆகிறது. தள்ளுபடி போய்விடுகிறது. விகிதப்படி ரூ.73,500, அதற்கு 4 சதவீதம் செஸ் சேர்த்து ரூ.76,440 வரி. ஒரு மாதச் சம்பளத்தைச் சில வாரங்கள் முன்னதாக வாங்கியதற்கு அதன் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவான தொகை வரியாகப் போகிறது.

ஒருமுறை வரிக்குட்பட்ட முன்கூட்டிய சம்பளம், அது உரியதாகும் ஆண்டில் மீண்டும் சேர்க்கப்படாது. 89ஆம் பிரிவின் நிவாரணத்தைப் படிவம் 10இ தாக்கல் செய்து கேட்கவும் வழி உண்டு. ஆனால் அந்தக் கணக்குக்கு அந்தச் சம்பளம் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டின் மொத்த வருமானம் தேவைப்படுகிறது. முன்கூட்டிய சம்பளத்தில் அந்த ஆண்டு அப்போதுதான் தொடங்கியிருக்கும். அரியர்ஸுக்கு எளிதாக அமையும் இந்த நிவாரணம் இங்கே சிக்கலாவது இதனால்தான். ஆண்டுக் கடைசியில் பணம் தேவைப்படும் ஊழியருக்கு முறையான கடிதத்துடன் கடனாகக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. கொடுத்து முடித்த பிறகு பழைய தேதியிட்டுக் கடிதம் தயாரிப்பது இதற்கு மாற்று ஆகாது.

வட்டியில்லாக் கடனுக்குச் சலுகை மதிப்பை எப்படிக் கணக்கிடுவது? ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள்.

விதி மூன்று விஷயங்களைக் கேட்கிறது: ஒவ்வொரு மாதத்தின் கடைசி நாளில் நிலுவை எவ்வளவு, அதே நோக்கத்துக்கான கடனுக்கு ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா அந்த நிதியாண்டின் முதல் நாளில் வாங்கிய வட்டி வீதம் என்ன, ஊழியர் உண்மையில் ஏதாவது வட்டி கட்டினாரா. மாதக் கடைசி நிலுவைக்கு அந்த வீதத்தில் வட்டி போட்டு, அவர் கட்டிய வட்டியைக் கழித்தால் மீதி சலுகை மதிப்பு.

மேலே சொன்ன அதே ஊழியர், முன்கூட்டிய சம்பளம் எதுவும் வாங்காமல், 2025 ஜூன் 10 அன்று ரூ.3,60,000 வட்டியில்லாக் கடன் பெறுகிறார். 36 தவணை, மாதம் ரூ.10,000. முதல் தவணை ஜூலைச் சம்பளத்தில். சம்பளம் அந்தந்த மாதத்தின் கடைசி நாளில் வழங்கப்படுகிறது. ஸ்டேட் பாங்க் வீதம் 10 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஜூன் 30 அன்று நிலுவை ரூ.3,60,000, ஜூலை 31 அன்று ரூ.3,50,000, இப்படியே மாதம் பத்தாயிரமாகக் குறைந்து மார்ச் 31 அன்று ரூ.2,70,000. இந்தப் பத்து மாதக் கடைசி நிலுவைகளின் கூட்டுத்தொகை ரூ.31,50,000. அதை 10 சதவீதத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் ரூ.26,250. அந்த ஆண்டுக்கான சலுகை மதிப்பு இதுவே. நிறுவனம் இதே நிலுவைகளுக்கு 4 சதவீதம் வட்டி பிடித்திருந்தால், அந்த ரூ.10,500 கழிந்து சலுகை மதிப்பு ரூ.15,750 ஆகியிருக்கும்.

மாதக் கடைசி நாள் என்பதை உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூன் 10 முதல் நாள் கணக்கிட்டு வட்டி போடத் தேவையில்லை. ஜூன் முழுமைக்கும் ஒரு மாத வட்டிதான். பன்னிரண்டாம் தேதி ரூ.50,000 கொடுத்து அதே மாதக் கடைசிச் சம்பளத்தில் முழுவதையும் பிடித்துவிட்டால் நிலுவை பூஜ்யம், மதிப்பும் பூஜ்யம். பல நிறுவனங்கள் தவறுவது வேறோர் இடத்தில். ஜூலைச் சம்பளத்தை ஆகஸ்ட் 5 அன்று வழங்கும் நிறுவனத்தில் ஜூலைத் தவணை ஜூலை 31 அன்று இன்னும் பிடிக்கப்படவில்லை. அன்றைய நிலுவை ரூ.3,60,000தான். சம்பள மென்பொருளோ 'ஜூலை' என்ற மாதப் பெயரைப் பார்த்து ரூ.3,50,000 என்று எடுத்துக்கொள்ளும். நம் உதாரணத்தில் ஒன்பது மாத நிலுவைகளில் தலா பத்தாயிரம் குறைந்து, சலுகை மதிப்பு ரூ.750 குறைவாக வரும். தொகை சிறியதுதான், ஆனால் நிதிக் கணக்கின் மார்ச் 31 நிலுவையும் சம்பள மென்பொருளின் நிலுவையும் ஒரு தவணை வித்தியாசத்தில் நின்றால், காரணத்தை முதலில் இங்கே தேடலாம்.

ஸ்டேட் பாங்க் வீதம் ஆண்டு நடுவில் குறைந்துவிட்டதே, அதை எடுக்கலாமா? எந்தக் கடனின் வீதத்தை எடுப்பது?

எடுக்க முடியாது. ஏப்ரல் 1 அன்று இருந்த வீதம் அடுத்த மார்ச் 31 வரை பொருந்தும். அடுத்த ஏப்ரல் 1 அன்று பழைய கடனுக்கும் புதிய வீதத்தை எடுக்க வேண்டும். கடன் வாங்கிய நாளின் வீதம் இங்கே தேவையே இல்லை. வீடு கட்ட என்றால் வீட்டுக் கடன் வீதம், கார் வாங்க என்றால் வாகனக் கடன் வீதம். நோக்கம் எழுதப்படாத கடனுக்குத் தனிநபர் கடன் வீதம்தான் பொருந்தும், அது பொதுவாக மற்றவற்றைவிட அதிகம். ஆகவே விண்ணப்பத்தில் நோக்கத்தை எழுத வைத்து, அதற்கான ஆதாரத்தையும் கோப்பில் வைப்பது ஊழியருக்கே நன்மை.

ஒரு தனி வங்கியின் வீதத்தை நாடு முழுவதற்கும் அளவுகோலாக்குவது சரியா என்று வங்கி அதிகாரிகளின் சங்கங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது.

ரூ.20,000 வரை வரி இல்லை என்கிறார்கள். அப்படியானால் ரூ.25,000 கடனில் மேல் ஐயாயிரத்துக்கு மட்டும் வட்டி போட்டால் போதுமா?

போதாது. இது கழிவு அல்ல, ஒரு வாசல். ஊழியர் பெற்ற கடன்கள் எல்லாம் சேர்ந்து ரூ.20,000க்குள் இருந்தால் சலுகை மதிப்பு இல்லை. தாண்டினால் முழு நிலுவைக்கும் மதிப்புப் போட வேண்டும். தீபாவளிக்கு ரூ.20,000 பண்டிகை முன்பணம் வாங்கியவர் அதே ஆண்டில் பள்ளிக் கட்டணத்துக்கு ரூ.15,000 வாங்கினால் இரண்டும் கணக்கில் வரும். மனைவி அல்லது பெற்றோர் பெயரில் இரண்டாவது கடனைக் கொடுத்தாலும் பயனில்லை. குடும்ப உறுப்பினருக்கு நிறுவனம் கொடுப்பதையும் விதி சேர்த்தே பார்க்கிறது.

அறுவை சிகிச்சைக்காகக் கொடுத்த கடனுக்கும் வரி பிடிக்க வேண்டுமா?

3ஏ விதியில் பட்டியலிட்ட நோய்களுக்கான சிகிச்சைக் கடன் என்றால் தொகை எவ்வளவு ஆனாலும் விலக்கு உண்டு. புற்றுநோய், காசநோய், அறுவை சிகிச்சை தேவைப்படும் இதய நோய், கண் அறுவை, சிசேரியன், அறுவை சிகிச்சை தேவைப்படும் எலும்பு முறிவு போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அதே செலவுக்கு மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஊழியருக்குப் பணம் திரும்பக் கிடைத்துவிட்டால், அந்த அளவுக்கு விலக்குப் போய்விடும். காப்பீட்டுப் பணம் பெரும்பாலும் கடன் கொடுத்துச் சில வாரங்கள் கழித்தே வருகிறது. அப்போது கணக்குப் பிரிவுக்கு யாரும் சொல்வதில்லை. காப்பீட்டுத் தொகை வந்ததும் தெரிவிப்பதாகக் கடன் கடிதத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

சலுகை மதிப்பு ரூ.26,250 என்று கண்டுபிடித்தாயிற்று. இதற்குக் கணக்கில் என்ன பதிவு போடுவது?

எந்தப் பதிவும் இல்லை. நிறுவனம் இந்தத் தொகையைச் செலவழிக்கவும் இல்லை, வருமானமாகப் பெறவும் இல்லை. இது சம்பள ஏட்டிலும், படிவம் 16, படிவம் 12பிஏ, கடைசிக் காலாண்டின் 24க்யூ அறிக்கை ஆகியவற்றிலும் மட்டும் வருகிறது. இதை 'ஊழியர் நலச் செலவு' என்று பற்று எழுதி, எதிரே வட்டி வருமானம் என்று வரவு வைத்திருப்பதைச் சில ஏடுகளில் பார்க்கிறோம். அந்தப் பதிவுக்கு அடிப்படை இல்லை.

கடன் கொடுக்கும் நாளில் ஊழியர் கடன் கணக்கில் ரூ.3,60,000 பற்று, வங்கியில் வரவு. மாதந்தோறும் சம்பளச் செலவு ரூ.1,05,000 முழுமையாகப் பற்று. அதற்கு எதிரே ஊழியர் கடனில் ரூ.10,000, பி.எஃப். பிடித்தம் ரூ.1,800 (ரூ.15,000 உச்சவரம்பில் பிடிக்கும் நிறுவனம் என்றால்), டிடிஎஸ், மீதி வங்கி என்று வரவுகள். தவணை போக மிஞ்சிய ரூ.95,000ஐச் சம்பளச் செலவாக எழுதுவது கூடாது. அப்படி எழுதினால் செலவு குறைந்து காட்டுவதோடு, கடன் கணக்கும் குறையாமல் அப்படியே நிற்கும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றைத் தவணைக்கு முந்தைய ஊதியத்தில்தான் கணக்கிட வேண்டும் என்பதும் தவறிப்போகும்.

அந்த ரூ.26,250க்கு டிடிஎஸ் எவ்வளவு பிடிப்பது? ஆண்டுக் கடைசியில் மொத்தமாகப் பிடிக்கலாமா?

நம் ஊழியரின் வரிக்குரிய வருமானம் ரூ.11,85,000லிருந்து ரூ.12,11,250 ஆகிறது. விகிதப்படி பார்த்தால் வரி அறுபதாயிரத்தைத் தாண்டும். ஆனால் ரூ.12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்களுக்கு விளிம்பு நிவாரணம் இருப்பதால், வரி தாண்டிய தொகையான ரூ.11,250க்கு மேல் போகாது. செஸ் சேர்த்து ரூ.11,700. வட்டியில்லாக் கடன் வாங்கியதால் மட்டுமே இந்த வரி வருகிறது. கடனைக் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது. தவணையை விரைவாக அடைத்தால் குறையும் என்பதையும் அவர் தெரிந்துகொள்வார்.

192ஆம் பிரிவு ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு மாதந்தோறும் சராசரியாகப் பிடிக்கச் சொல்கிறது. தவணை அட்டவணை ஜூனிலேயே கையில் இருப்பதால், அந்த மாதமே ஆண்டு முழுமைக்கும் மதிப்பிட்டு, ஜூன் முதல் மார்ச் வரை மாதம் ரூ.1,170 பிடிக்கலாம். ஜூலைச் சம்பளம் அப்போது 1,05,000 – 10,000 – 1,800 – 1,170 = ரூ.92,030 ஆகக் கைக்கு வரும். மார்ச்சில் மொத்தமாகப் பிடிப்பது குறைவாகப் பிடித்த மாதங்களுக்கான வட்டிக் கேள்வியை வரவழைக்கும். இடையில் ஊழியர் கூடுதலாக அடைத்தால் மீதி மாதங்களில் திருத்திக்கொள்ளலாம்.

எங்கள் நிறுவனத்துக்கு இந்த் ஏ.எஸ். பொருந்தும். ஆடிட்டர் கடனை ரூ.3,60,000க்குக் காட்டக்கூடாது என்கிறார். கொடுத்தது அவ்வளவுதானே?

அவர் சொல்வது சரி. பழைய கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் சிறு நிறுவனம் கொடுத்த தொகையிலேயே காட்டலாம். இந்த் ஏ.எஸ். 109 பொருந்தும் நிறுவனம் கடனை முதல் நாளில் நியாய மதிப்பில் பதிய வேண்டும். மூன்று ஆண்டுகளில் திரும்பி வரும் ரூ.3,60,000இன் இன்றைய மதிப்பு அதைவிடக் குறைவு. இப்படிப்பட்ட ஊழியருக்குச் சந்தையில் 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம் வட்டியில் கடன் கிடைக்கும் என்றும், எளிமைக்காக முதல் தவணை சரியாக ஒரு மாதம் கழித்து வருகிறது என்றும் கொண்டால், 36 தவணைகளின் இன்றைய மதிப்பு சுமார் ரூ.3,01,075. மீதி ரூ.58,925 ஊழியருக்குக் கொடுத்த பலன். வேலையில் நீடிப்பதற்கான பலன் என்பதால் இந்த் ஏ.எஸ். 19இன்படி முன்கூட்டிச் செலுத்திய ஊழியர் செலவாக வைத்து, 36 மாதங்களில் செலவுக்கு எடுத்துச் செல்கிறோம்.

முதல் மாதத்தில் ரூ.3,01,075க்கு 1 சதவீதமாக ரூ.3,011 வட்டி வருமானம் வருகிறது. ஊழியர் செலவு ரூ.58,925ஐ 36ஆல் வகுத்த ரூ.1,637. மூன்று ஆண்டுகளில் இரண்டும் ரூ.58,925 ஆகச் சமமாகிவிடும். ஆனால் தொடக்கத்தில் வருமானமும் கடைசியில் செலவும் மிகுந்து நிற்கும். சமமாகத்தானே போகிறது என்று பதிவையே தவிர்ப்பதற்கு, மொத்தக் கடன் தொகை நிறுவனத்தின் அளவுக்கு முன் அற்பமானது என்ற வாதம் மட்டுமே உண்டு. அதை ஆடிட்டர் எழுத்தில் ஏற்க வேண்டும்.

இங்கே பயன்பட்ட 12 சதவீதம் சந்தை வீதம். சலுகை மதிப்புக்குப் பயன்பட்ட 10 சதவீதம் ஸ்டேட் பாங்க் வீதம். வரிக் கணக்கு உண்மையில் நிலுவையில் உள்ள அசலைப் பார்க்கிறது. தள்ளுபடி செய்த மதிப்பை அல்ல. ஒன்றன் எண்ணை மற்றதில் எடுத்துப் போட்டால் இரண்டும் தவறாகும்.

ஊழியர் நடுவில் வேலையை விட்டால்?

கடைசிக் கணக்குத் தீர்க்கும்போது மீதச் சம்பளம், விடுப்புக்கான தொகை ஆகியவற்றில் கடன் கடிதம் அனுமதிக்கும் அளவுக்குக் கழிக்கலாம். ஊதியப் பிடித்தங்கள் மொத்தமாகப் பாதி ஊதியத்தைத் தாண்டக்கூடாது என்ற ஊதியச் சட்ட வரம்பு தவணையை நிர்ணயிக்கும்போதே நினைவில் இருக்க வேண்டும். கிராஜுவிட்டியை நம்பிக் கடன் கொடுப்பது சரியல்ல. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மீதியைத் தள்ளுபடி செய்வதாக நிர்வாகம் முடிவெடுத்தால், அந்த நாளில் அசலே ஊழியரின் சம்பள வருமானமாகிறது. ரூ.2,70,000 நிலுவை தள்ளுபடியானால் முழு ரூ.2,70,000க்கும் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஆகவே கடைசிச் சம்பளத்தை வழங்கும் முன்பே இந்த முடிவு கணக்குப் பிரிவுக்கு வந்தாக வேண்டும்.

எங்கள் இயக்குநரும் சம்பளம் வாங்குகிறவர்தான். அவருக்கும் இதே திட்டத்தில் கொடுக்கலாமா?

கொடுக்கும் முன் இரண்டு தடைகளைப் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 185ஆம் பிரிவு இயக்குநருக்குக் கடன் கொடுப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. நிர்வாக இயக்குநர் அல்லது முழுநேர இயக்குநருக்கு, எல்லா ஊழியருக்கும் பொருந்தும் பணி நிபந்தனையின்படியோ, உறுப்பினர்கள் சிறப்புத் தீர்மானத்தில் ஏற்ற திட்டத்தின்படியோ மட்டுமே வழி திறக்கிறது. சில வகைத் தனியார் நிறுவனங்களுக்கு நிபந்தனையுடன் விலக்கும் இருக்கிறது. இரண்டாவது தடை வரியில் இருக்கிறது: நெருங்கிய பங்குடைமை நிறுவனத்தில் அவர் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமையுள்ள பங்குதாரராக இருந்தால், 2(22)(e) பிரிவின்படி நிறுவனத்தின் சேர்ந்த லாபத்தின் அளவுக்கு அந்தக் கடன் முழுவதுமே டிவிடெண்டாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. குடும்ப நிறுவனங்களில் 'ஸ்டாஃப் அட்வான்ஸ்' லெட்ஜருக்குள் இயக்குநரின் பெயர் இருந்தால், மார்ச் 31க்குப் பிறகு விளக்கம் தேடுவதைவிட, பணம் போகும் முன்பே அதைத் தனியாக எடுத்து ஆடிட்டரிடம் காட்டிவிட வேண்டும்.